பதினொன்று பத்திலிருந்து நான்கு ஐம்பது வரை

ஆபீஸில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும். இயக்குநர் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதும்போது ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் மணியைப் போடுவாள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்தாரா. ஒரு இயக்குநர் ஒருமுறை, “மேடம், நான் பாத்ரூம் போனதையும் போட்டிருக்கீங்களே” என்றார். “நீங்க போன நேரத்துல ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கு சார். நீங்க அதுக்கு ஓட்டுப் போடலைன்னு வேற எப்படி எழுதறது” என்றாள். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு முன்பே போய்விட்டு வருவார்.

ஏழு மாதத்துக்கு முன், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு செருப்பை மாட்டி மறு செருப்பை மாட்டுவதற்குள் அவள் போய்விட்டாள். மகள் டாக்டரிடம் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். எட்டு இருபது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் கடைசி அது. முதலில் சொல்லிவிடுவது நல்லது.

அவள் வேலைக்குப் பெயர் கம்பெனி செக்ரட்டரி. பெண் பார்க்க வந்தவர்கள், “செக்ரட்டரின்னா, டைப்பிங் வேகமா வருமா?” என்று கேட்டார்கள். வராது என்றாள். இரண்டு விரலால்தான் கடைசி வரை தட்டினாள். டைப் அடிப்பது அவள் வேலை இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி ஒன்று சட்டப்படி என்னென்ன சொல்ல வேண்டும், யாரிடம், எப்போது என்று பார்ப்பதுதான் வேலை. கம்பெனி ஊசி மருந்து தயாரிப்பது. இரண்டு தொழிற்சாலை. விற்பனையில் முக்கால்வாசி பெரிய தொழிற்சாலையிலிருந்து. இருபத்தாறு வருஷம் அங்கேயே இருந்தாள். மூன்று நிதி அதிகாரிகள் மாறினார்கள், நாற்காலிகள் நான்கு முறை மாறின, அவள் மாறவில்லை.

அவள் மேஜையில் ஒரு பதிவேடு உண்டு. பழைய நாளில் நோட்டு, பிறகு கணினியில். ஊருக்குத் தெரியாத, தெரிந்தால் பங்கின் விலை ஏறவோ இறங்கவோ கூடிய செய்தி ஒன்று கம்பெனிக்குள் வந்தால், அது யாருக்கெல்லாம் தெரியும், எந்த நிமிஷத்திலிருந்து தெரியும் என்று அதில் ஏறிவிடும். ஏறிய பிறகு அழிக்க முடியாது. அதில் இருப்பவர்கள், செய்தி ஊருக்குத் தெரிகிற வரை கம்பெனிப் பங்கை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அவர்கள் வீட்டாரும் கூடாது. அதற்கென்று வீட்டாரின் பட்டியல் தனியாக உண்டு. மற்ற நாளிலும் இவர்கள் வாங்க விற்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எல்லாருக்கும் அனுமதி கொடுப்பவள் அவள். அவள் வீட்டாருக்கு எம்.டி. கொடுப்பார்.

அவள் வீட்டாரில் இரண்டு பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒன்று, அவளோடு இருக்கும் அம்மா. அம்மா பெயரில் அதே கம்பெனியின் பங்கு கொஞ்சம் இருந்தது. இரண்டாவது, தம்பி. தம்பி கட்டட ஒப்பந்தக்காரன், தனி வீடு, தனி வரும்படி. சட்டப்படி அவனைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அம்மா கணக்கை அவன்தான் போனில் நடத்தினான், எதை வாங்குவதென்றாலும், “அக்கா, இது எப்படி?” என்று அவளைத்தான் கேட்பான். பங்கு விஷயத்தில் உன்னைக் கேட்டு நடக்கிற உடன்பிறப்பு என்றால் பட்டியலில் சேர் என்கிறது விதி. சேர்த்தாள். “என்னையும் ஆபீஸ்ல சேத்துட்டியா? சம்பளம் எப்ப வரும்?” என்று சிரித்தான்.

சில வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவின் பங்குகளை விற்க எம்.டி. அனுமதி கொடுத்திருந்தார். தம்பி அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்ட வேண்டும். பாதி கையில் வைத்திருந்தான், மீதிக்கு அம்மாவின் பங்கு. அனுமதி வாங்கிய ஏழு வேலை நாளுக்குள் விற்க வேண்டும். விலை கொஞ்சம் ஏறட்டும் என்று அவன் வியாழக்கிழமைவரை காத்திருந்தான்.

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. பெரிய தொழிற்சாலையில் ஊசி நிரப்பும் அறையின் காற்றுச் சுத்தம் சரியில்லை, மூன்று மாதமாகப் பதிவுகள் பொருந்தவில்லை, மறு உத்தரவு வரை உற்பத்தியை நிறுத்து. தர அதிகாரிக்கு, எம்.டி.க்கு, அவளுக்கு. மூன்று பேர். மூன்று பெயரையும் பதிவேட்டில் ஏற்றினாள். 11:10.

பிறகு ஒரு தப்பு செய்தாள். அம்மா கணக்குக்குக் கொடுத்த அனுமதி அந்த நிமிஷமே செல்லாமல் போகிறது. தம்பி எந்த நொடியிலும் விற்றுவிடுவான். அவன் மின்னஞ்சலைப் பார்ப்பது பிறந்த நாளுக்கு ஒருதரம். எழுத்தில் ஒரு ரத்து அறிவிப்பு அனுப்பிவிட்டு அதோடு நின்றிருக்கலாம். போனை எடுத்தாள். 11:25.

“டேய், அம்மா கணக்குல எங்க கம்பெனி பங்கு இருக்கே, அதை விக்காதே. அனுமதி ரத்து.”

“ஏன்? நேத்திக்கு வரைக்கும் சரின்னியே.”

“ரத்துன்னா ரத்து. காரணம் கேக்காதே.”

“எத்தனை நாளைக்கு?”

“சொல்ல முடியாது. விக்காதே, அவ்வளவுதான்.”

தம்பி முட்டாள் இல்லை. அதுதான் சங்கடம். இத்தனை வருஷத்தில் அக்கா அவனிடம் ஆபீஸ் விஷயம் ஒன்றில் கூட வாய் விட்டதில்லை. அவளே போன் போட்டு விக்காதே என்கிறாள். காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாள். கெட்ட செய்தி என்றால் விற்கத்தானே சொல்வாள், பெற்ற தாயின் பணமாச்சே. விக்காதே என்றால் ஏறப் போகிறது என்றுதானே அர்த்தம். வீட்டுக்கு வைத்திருந்த பாதிப் பணத்தைத் தன் கணக்கில் போட்டு, மதியம் ஒன்று நாற்பதுக்கு அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கினான்.

இது எதுவும் அவளுக்கு அப்போது தெரியாது. 11:40க்கு எம்.டி. அறையில் இருந்தாள்.

எம்.டி. கம்பெனியை ஆரம்பித்தவரின் மூத்த மகன். நல்ல மனுஷர் என்று பெயர். தொழிலாளி வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆள் அனுப்பி விசாரிப்பார். கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வக்கீல் கிட்ட பேசிடறேன். நீங்க வரைவை ரெடி பண்ணுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்.”

அவள் முதலில், தொழிற்சாலை ஆட்களும் அவர்கள் வீட்டாரும் பங்கு வாங்க விற்கத் தடை என்று இருபத்து மூன்று பேருக்கு அறிவிப்பு அனுப்பினாள். காரணம் அதில் இருக்காது. 12:30க்கு சந்தைக்கான அறிவிப்பின் வரைவு தயார். கடிதம் எந்தத் துறையிடமிருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கிடைத்தது, என்ன குற்றச்சாட்டு, விற்பனையில் எவ்வளவு பாதிக்கும். ஒன்றரைப் பக்கம். சந்தையின் தளத்தில் ஏற்ற அவளுக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு. எம்.டி. கையெழுத்து சட்டத்தில் தேவையில்லை. அது இத்தனை வருஷ மரியாதை. அந்த மரியாதைக்காகக் காத்திருந்தாள்.

எம்.டி. சாப்பிடப் போனார். இரண்டு மணிக்கு வரவில்லை. மூன்று மணிக்கு வக்கீலோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றரைக்குச் சந்தை மூடியது. நாலே காலுக்குக் கூப்பிட்டார்.

“மேடம், திங்கக்கிழமை போடலாம்.”

“இருபத்துநாலு மணி நேரம்தான் சார் உச்ச வரம்பு. அதுவும் முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம்னுதான் விதி. நாளைக்கு பதினொண்ணு பத்தோட முடிஞ்சுது.”

“வக்கீல் மேல்முறையீடு பண்றார். நாளைக்கே தடை வாங்கிட்டா? தொழிற்சாலை மூடலன்னு ஆயிடும். ஒரு நாள் தலைப்புச் செய்திக்காக எத்தனை பேரை பயமுறுத்தணும்?”

“தடை வாங்கினா அதையும் போடலாம் சார். பயப்படறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.”

“யாரும் ஓடப் போறதில்லையே. ரெண்டு நாள்ல என்ன குடி முழுகிப் போகுது?”

இந்தக் கேள்வியை அவள் வேறு வேறு வாயிலிருந்து பல வருஷம் கேட்டிருக்கிறாள். வழக்கமாக விதி எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். அன்று உட்கார்ந்தே பதில் சொன்னாள்.

“சார், இந்த நிமிஷம் இந்தக் கடிதம் எத்தனை பேருக்குத் தெரியும்? காலையில மூணு. இப்ப வக்கீல் ஆபீஸ், தொழிற்சாலையில லைனை நிறுத்தின மேற்பார்வையாளருங்க, நிதி அதிகாரி. பதிவேட்டுல பதினாலு பேர் இருக்காங்க. பதினாலு பேருக்கும் வீடு இருக்கு. பங்கு விக்கறவர் ஒருத்தர்னா எதிர்ல வாங்கறவர் ஒருத்தர் இருந்தே ஆகணும். விக்கறவருக்கு தொழிற்சாலை மூடியாச்சுன்னு தெரியும், வாங்கறவருக்குத் தெரியாதுன்னா அது வியாபாரமா? பூட்டின வீட்டை ஓடற கடைன்னு சொல்லி விக்கற மாதிரி. நாம சொல்ற வரைக்கும் அந்தக் கடை வாசல் திறந்துதான் இருக்கும். பதினாலு பேரையும் நான் கட்டி வைக்க முடியாது. செய்தியை எல்லாருக்கும் சொல்லிட்டா கட்டி வைக்க வேண்டியதே இல்லை. அதுக்குத்தான் சீக்கிரம்.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“தேவையில்லை சார்” என்று எழுந்தாள்.

தன் இடத்துக்குப் போய் இரண்டு விரலால் கடவுச்சொல்லை அடித்தாள். நான்கு ஐம்பதுக்கு அறிவிப்பு ஏறியது.

வெள்ளிக்கிழமை சந்தை திறந்ததும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. விற்க வரிசை நின்றது, வாங்க ஆளில்லை. அவள் மேஜை போன் ஓயவில்லை. திட்டினவர்கள், அழுதவர்கள், இனி என்ன செய்யட்டும் என்றவர்கள். என்ன செய்யலாம் என்று அவள் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

மதியம் ஒரு போன். வருஷா வருஷம் பங்குதாரர் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிற ஓய்வு பெற்ற சர்வேயர். ஆபீஸில் அவருக்கு ‘முதல் வரிசை’ என்றே பெயர். குரலில் கோபம் இல்லை.

“அம்மா, உங்க அறிவிப்பைப் படிச்சேன். கடிதம் காலைல பதினொண்ணு பத்துக்குக் கிடைச்சதுன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“நான் ரெண்டே முக்காலுக்கு வாங்கினேன். நேத்து. நல்ல கம்பெனின்னு. அப்ப உங்களுக்குத் தெரியும், இல்லையா?”

“தெரியும்.”

“வரைவு எப்ப ரெடி ஆச்சு?”

இதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்த விதியிலும் இல்லை.

“பன்னெண்டரைக்கு.”

“சட்டப்படி சரிதானே?” என்றார்.

“சட்டப்படி சரி சார்.”

“அது போதும்னு நினைக்கறீங்களா?”

ஒரு வருஷத்துக்கு ஒரு கேள்வி அவர் கணக்கு. அந்த வருஷத்துக் கேள்வியை அவர் கேட்டு முடித்துவிட்டார். போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை தம்பி வந்தான். சாப்பாட்டு மேஜையில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

“ஏன் அக்கா இப்படிப் பண்ணே?”

“என்ன பண்ணேன்?”

“விக்காதேன்னே. ஏறப் போவுதுன்னு வாங்கினேன். வீட்டுக்கு வெச்சிருந்தது மொத்தமும்.”

அவள் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். “எப்ப வாங்கினே?”

“வியாழக்கிழமை மத்தியானம். ஒண்ணு நாப்பது.” போனைத் திறந்து நீட்டினான். “பாரு. ஏதாவது வழி இருக்கா?”

“நான் ஏறும்னு சொன்னேனா?”

“சொல்லல. நீ என்னிக்குத்தான் சொல்லியிருக்கே. சொல்லாததுலேருந்துதான் உன்னைப் புரிஞ்சுக்கணும், சின்ன வயசுலேருந்து அப்படித்தானே.”

அம்மா, “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடி? என் பங்கும் போச்சு, அவன் காசும் போச்சு. கூடப் பொறந்தவன்தானே, ஊரான் இல்லையே” என்றாள்.

“ஊரான்கிட்ட சொல்லலாம்மா. எல்லா ஊராருக்கும் ஒண்ணா சொன்னேன், நாலு அம்பதுக்கு. இவன்கிட்ட தனியாச் சொல்றதுதான் குத்தம்.”

“நல்லா இருக்கு உன் சட்டம். நான் நஷ்டப்பட்டுட்டு நிக்கறேன்.”

“உன் பேர் பட்டியல்ல இருக்குடா. நீ அனுமதி இல்லாம வாங்கியிருக்கே. தடை நேரத்துல.”

“அதுக்கு?”

“நான் தெரிவிக்கணும்.”

அவன் முதலில் சிரித்தான். “காசு சம்பாதிச்சவன் மேல கேஸ் போடுவாங்க. காசைத் தொலைச்சவன் மேல எவனாவது போடுவானா?”

“லாபமா நஷ்டமான்னு விதி கேக்கறதில்லை. என்ன தெரிஞ்சுது, எப்ப வாங்கினேன்னுதான் கேக்கும்.”

“எனக்கு என்ன தெரிஞ்சுது? ஒரு மண்ணும் தெரியாது.”

“அதைச் சொல்லு அவங்க கேக்கும்போது. நான் போன் பண்ணினதையும் நான் சொல்லுவேன். அது என் தப்பு. எழுதி அனுப்பிட்டு வாயை மூடிட்டு இருந்திருக்கணும்.”

“அக்கா. யாருக்குத் தெரியப் போவுது?”

அவள் அவன் போனை இழுத்து, வாங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அவனுக்குப் பதில் புரிந்தது. கதவைச் சாத்தாமலே போனான். அம்மா நறுக்கிய காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று அவள், அம்மா, மகள் மூன்று பேரும் ரொட்டியைத்தான் தின்றார்கள். அதுவும் வெவ்வேறு அறையில்.

திங்கட்கிழமை, எந்தப் பங்குதாரர் கையில் எத்தனை பங்கு என்ற வாரப் பட்டியல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நிலவரம். வாரா வாரம் வரும். போன வாரத்துப் பட்டியலோடு வைத்து, வீட்டாரில் யார் கணக்கு கூடியிருக்கிறது, யாருடையது குறைந்திருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மற்ற கம்பெனிகளில் பலர் இந்தப் பட்டியலை வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவார்கள்.

இரண்டு வரி மாறியிருந்தது. தம்பி கணக்கில் கூடியிருந்தது. எம்.டி.யின் மச்சினன் கணக்கில் இருந்த பங்கு முழுவதும் இல்லை. அவரும் எம்.டி. வீட்டாரின் பட்டியலில் இருப்பவர். அனுமதி கேட்டதாக எந்தக் காகிதமும் இல்லை. எந்த நாள், எந்த மணி என்று பட்டியலில் இருக்காது. அதைச் சந்தையிடமிருந்து வாங்க, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தால்தான் முடியும்.

எம்.டி. அறைக்குப் போய்ப் பட்டியலை வைத்தாள். இரண்டு வரியிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அவர் தன் மச்சினன் வரியைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த வரியைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“இது உங்க தம்பி இல்ல?”

“ஆமா சார்.”

“சொல்லவே இல்லையே.” நாற்காலியில் சாய்ந்தார். “மேடம், நாம ரெண்டு பேரும் பழைய ஆளுங்க. என் மச்சினன் எப்ப வித்தான்னு எனக்குத் தெரியாது. உங்க தம்பி ஏன் வாங்கினான்னு உங்களுக்குத் தெரியாது. இந்தப் பட்டியல் வாரா வாரம் வருது. எல்லா வாரமும் பாக்கறோமா என்ன?”

“நான் எல்லா வாரமும் பாக்கறேன் சார்.”

“உங்க தம்பி நஷ்டப்பட்டிருக்கான். பாவம். அவனை ஏன் இழுக்கணும்? ஒரு வரியை அனுப்பினா ரெண்டு வரியும் போகணும், தெரியும்ல?”

“தெரியும். அதனாலதான் என் தம்பி வரியை மேல போட்டு எழுதியிருக்கேன்.” ஒரு கவரை எடுத்துப் பட்டியல் மேல் வைத்தாள். “இது உங்க பிரதி. தணிக்கைக் குழுத் தலைவருக்கும் ஆணையத்துக்கும் இங்க வரதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்.”

எம்.டி. கவரைப் பிரிக்கவில்லை. “கையெழுத்துக்காவது கொண்டு வந்திருக்கலாம்” என்றார்.

“வியாழக்கிழமை கொண்டு வந்தேன் சார். பன்னெண்டரையிலேருந்து நாலு அம்பது வரைக்கும் உங்க கையெழுத்துக்காக உக்காந்திருந்தேன். அந்த மரியாதையை நான் காமிச்சிருக்கக் கூடாது. பன்னெண்டரைக்கே போட்டிருந்தா இந்த ரெண்டு வரியும் இந்தத் தாள்ல இருந்திருக்காது. அதையும் அந்தக் கடிதத்துல எழுதியிருக்கேன். மூணாவது பத்தி.”

அவர் கடிதத்தை அப்போதுதான் பிரித்தார். மூன்றாவது பத்தி அவளைப் பற்றியது. போன் செய்த நேரம், பேசிய வார்த்தைகள், வரைவு முடிந்த நேரம், ஏற்றிய நேரம். நடுவில் சமாதானம் எதுவும் இல்லை.

அதற்கடுத்த மாதம் அவளிடம் பேச நிதி அதிகாரியை அனுப்பினார்கள். நல்ல பையன் மாதிரிப் பேசுவார். மேடம் களைச்சுப் போயிருக்கீங்க, சொந்தக் காரணங்களுக்காக விலகறேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா கௌரவமா அனுப்பி வைப்போம் என்றார்.

“எழுதித் தரேன். ஆனா சொந்தக் காரணம் எதுவும் இல்லையே. நிஜக் காரணத்தைத்தான் எழுதுவேன். கம்பெனி செக்ரட்டரி விலகினா அதுவும் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டிய தகவல், தெரியும்ல? ராஜினாமாக் கடிதத்தையும் சேத்துப் போடணும். நானே ஏத்திட்டுப் போறேன், சிரமம் வேண்டாம்.”

நிதி அதிகாரி மென்று விழுங்கிக்கொண்டு எழுந்தார். ராஜினாமா பேச்சு அத்தோடு நின்றது. மதியச் சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே உட்கார ஆள் இல்லாமல் போனது. டப்பாவைத் தன் மேஜையிலேயே திறந்தாள். இடம் தாராளமாக இருக்கிறது என்றாள் மகளிடம்.

பதினான்கு மாதம் கழித்து விசாரணை. ஆணையத்தின் மூன்றாம் மாடியில் நீண்ட பெஞ்ச். ஒரு முனையில் தம்பி, மறு முனையில் அவள். நடுவில் யாரோ ஒருவரின் தலைக்கவசம். முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். அதிகாரி அவளைவிட இருபது வயது சின்னவள். போனில் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லச் சொன்னாள். சொன்னாள். தொழிற்சாலை என்றோ கடிதம் என்றோ, நல்லது கெட்டது என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை.

“உங்க தம்பி என்ன நினைச்சு வாங்கினார்?”

“அவன் நினைச்சதை அவன்கிட்டதான் கேக்கணும். நான் சொன்னது இவ்வளவுதான்.”

“அவரைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றீங்களா?”

“காப்பாத்தணும்னா பட்டியல்ல ரெண்டு வரியையும் விட்டிருப்பேன். நீங்க என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீங்க.”

ஆணையத்தின் முடிவு பிறகு வந்தது. எம்.டி.யின் மச்சினன் விற்றது வியாழக்கிழமை இரண்டு இருபதுக்கு. அதற்குப் பத்து நிமிஷம் முன்பு எம்.டி.யிடமிருந்து அவருக்கு ஒரு போன். இருவருக்கும் சந்தையில் மூன்று வருஷம் வாங்க விற்கத் தடை, தப்பித்த நஷ்டம் முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டும், மேலே அபராதம். எம்.டி. பதவி விலகினார், அந்த அறிவிப்பையும் அவள்தான் ஏற்றினாள். தம்பிக்கு, செய்தி என்னவென்றே தெரியாமல் வாங்கியதால், அனுமதி வாங்காத குற்றத்துக்கு எச்சரிக்கை மட்டும். அவளுக்கு, அனுமதி ரத்தை எழுத்தில் தெரிவிக்காமல் போனில் தெரிவித்ததற்காக ஒரு கண்டிப்புக் கடிதம். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைத் தனி விஷயமாக வைத்து, எழுந்து நின்று முழுக்க வாசித்தாள். புதிய எம்.டி., “இது தேவையா மேடம்?” என்றார். “அடுத்து என் இடத்துக்கு வரவங்களுக்குத் தேவை” என்று மணியைக் குறித்துக்கொண்டாள்.

எச்சரிக்கை மட்டும் என்று தெரிந்த வாரம் தம்பி வந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அம்மா அவசரமாகத் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் குடித்தான், உட்கார்ந்தான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“அம்மா கணக்கை இனிமே நீயே பாத்துக்கோ. என் பேரை உன் ஆபீஸ் பட்டியல்லேருந்து எடுத்துடு.”

“சும்மா எடுக்க முடியாதுடா. ஏன் இருக்குன்னா, பங்கு விஷயத்துல நீ என்னைக் கேட்டுப் பண்றேன்னு இருக்கு.”

“இனிமே கேக்க மாட்டேன்.”

“எப்பவுமா?”

“எதுக்குமே கேக்க மாட்டேன். போதுமா? எழுதிக்கோ.”

அம்மா, “டேய்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் உள்ளே போய் ஆபீஸ் மடிக்கணினியைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். அவன் எதிரிலேயே திறந்தாள். அந்தப் பட்டியலில் ஒரு பெயரை அழிக்க முடியாது. முடிவுத் தேதி போடலாம், காரணம் எழுதலாம். அவன் அவளுடைய இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவேளை அவள் நிறுத்துவாள் என்று நினைத்திருக்கலாம். ஒருவேளை தான் நிறுத்தச் சொல்லலாமா என்றும் நினைத்திருக்கலாம். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்; அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

தேதியைப் போட்டாள். காரணம் என்ற இடத்தில், ‘இனி ஆலோசனை கேட்பதில்லை’ என்று அடித்தாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“சரியா இருக்கா, பாரு.”

அவன் படித்தான். “சரியா இருக்கு” என்றான்.

அவள் சேமித்தாள்.